ஷூ எங்க கடிக்குது? கடையிலயே கண்டுபிடிக்கிற வழி

ஷூ கடைக்குப் போயி என்ன குறை சொன்னாலும் பதில் ரெண்டே ரெண்டுதான் வரும், "ஒரு சைஸ் பெருசு போட்டுப் பாருங்க", இல்லன்னா "போட போட லூஸாயிடும் சார்". ரெண்டுமே பொய்னு சொல்ல மாட்டேன், ஆனா எந்தக் குறைக்கு எது பொருந்தும்னு பாக்காம சொல்றதுதான் பிரச்சனை. நம்மூர்ல முக்கால்வாசிப் பேரு வாங்குறது நீளம் சரியா இருந்தும் அகலம் பத்தாம, அதுக்காக ஒரு சைஸ் ஏத்தி, அப்புறம் குதிகால் கழண்டு வர்ற ஷூதான். பாண்டி பீச் ரோட்ல சாயங்காலம் வண்டியெல்லாம் நிறுத்தினப்புறம் நடக்குறவங்க காலைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க, பத்து பேர்ல ரெண்டு மூணு பேருக்காவது ஒவ்வொரு அடிக்கும் ஷூவோட பின்பக்கம் கால்லேர்ந்து பிரிஞ்சு பிரிஞ்சு ஒட்டும்.

அதனால குறையை வச்சே பிரிச்சு எழுதுறேன், உங்களுக்கு எது இருக்கோ அதுக்கு நேரா போயிடுங்க. சொன்னது புரியுறதுக்கு எங்க அக்கா பையன் கதையையும் நடுநடுவுல சொல்லிடுறேன். கடலூர் மஞ்சக்குப்பத்துப் பையன், பாண்டியில ஒரு ஹோட்டல்ல ரிசப்ஷன் வேலை கிடைச்சிருக்கு, எட்டு ஒம்பது மணி நேரம் நின்னுக்கிட்டே இருக்கணும், கறுப்பு ஃபார்மல் ஷூ கட்டாயம். அதுவரைக்கும் செருப்பைத் தவிர வேற எதையும் ஒழுங்கா போட்டதில்ல, அதனால முன்பாதம் நல்லா விரிஞ்ச கால்.

முன்னாடி விரல் முட்டுது

மொதல்ல உக்காந்துக்கிட்டே முடிவு பண்ணாதீங்க. எழுந்து நின்னா உடம்பு பாரம் எறங்கி பாதம் கொஞ்சம் தட்டையாகும், நீளமும் கூடும். உக்காந்தப்ப இடம் இருந்த ஷூ நின்னதும் முட்டுறது அதனாலதான். ரெண்டு காலையும் போட்டு, லேஸ் கட்டி, ரெண்டு கால்லயும் சமமா பாரம் கொடுத்து நின்னுக்கிட்டுதான் பாக்கணும். எவ்வளவு இடம் வேணும்னா நீளமான விரல் நுனிக்கும் ஷூவோட உள் நுனிக்கும் நடுவுல ஒரு கட்டை விரல் அகலத்துக்குக் கொஞ்சம் கம்மியா, அதாவது 1 செ.மீ.லேர்ந்து ஒன்றரை செ.மீ. வரைக்கும். நீளமான விரல்னா பெருவிரல்னு நினைச்சுடாதீங்க, நெறைய பேருக்கு ரெண்டாவது விரல்தான் நீட்டிக்கிட்டு இருக்கும், கடைக்காரர் பெருவிரல் மேல அமுக்கிப் பாத்துட்டு ஓக்கேன்னு சொல்லிடுவார், வீட்டுக்கு வந்தா ரெண்டாவது விரல் நகம்தான் கறுக்கும்.

அந்த அமுக்கிப் பாக்குற முறையே அவ்வளவு நம்பகமில்ல, அமுக்குனா நம்ம அறியாமலே விரலை உள்ள இழுத்துக்குவோம், சின்னப் பசங்க கண்டிப்பா இழுத்துக்குவாங்க. அதோட ஃபார்மல் ஷூவுல முன்னாடி தோல் கெட்டியா இருக்கும், வெளிய தொட்டா ஒண்ணும் தெரியாது. அதைவிட நல்லது இது: லேஸை முழுசா தளர்த்திட்டு, காலை முன்னாடி தள்ளி விரல் லேசா நுனியைத் தொடுற வரைக்கும் கொண்டு போங்க. இப்ப குதிகாலுக்குப் பின்னாடி ஆள்காட்டி விரலை விடுங்க. விரல் தாராளமா உள்ள போனா நீளம் சரி. நுழையவே இல்லன்னா சின்னது. ரெண்டு விரல் போச்சுன்னா பெருசு. கூரான நுனி வச்ச ஷூவுக்கு மட்டும் இது ஏமாத்தும், ஏன்னா அந்தக் கூர்ல விரல் போகவே போகாது, நுனி வரைக்கும் போகுறதுக்கு முன்னாடியே ரெண்டு பக்கமும் பிடிச்சு நிறுத்திடும், பின்னாடி இடம் நெறைய இருக்குற மாதிரி தெரியும், உண்மையில அது விரலுக்குக் கிடைக்காத இடம்.

அப்புறம் எறக்கத்துல நடந்து பாருங்க. கடையில மாடிப்படி இருந்தா எறங்குங்க, இல்லன்னா வாசல்ல ராம்ப் இருக்கும். ஷூ புதுசா சுத்தமா இருந்தா வெளிய விட மாட்டாங்க, அதுக்கும் வழி இருக்கு, ஷூ நுனியை வச்சு தரையை லேசா ரெண்டு தட்டு தட்டுங்க. கால் முன்னாடி வழுக்கி விரல் முட்டுச்சுன்னா ரெண்டு காரணம் இருக்கலாம், ஒண்ணு நீளம் பத்தல, இன்னொண்ணு நீளம் இருக்கு ஆனா மேல லேஸ் பாதத்தைப் பிடிச்சு நிறுத்தல. லேஸை இறுக்கிட்டு மறுபடி தட்டுங்க. முட்டுறது நின்னுடுச்சுன்னா சைஸ் மாத்த வேண்டியதில்ல.

முன்னாடி இடம் இருக்கு, ஆனா சுண்டு விரல் பக்கம் இறுக்குது

இதுதான் முக்கியமான இடம், இங்கதான் எல்லாரும் தப்பான திசையில போறாங்க. இது நீளக் குறை இல்ல, அகலக் குறை.

பையன் காலை முந்தின நாள் சாயங்காலம் வீட்டுலயே அளந்துட்டோம். செவுத்தோரமா பேப்பரைப் போட்டு, குதிகால் செவுத்தைத் தொடுற மாதிரி நிக்க வச்சு, பென்சிலை நேரா நிமித்திப் பிடிச்சு சுத்தி வரைஞ்சோம். இடது 25.8 செ.மீ., வலது 26.3 செ.மீ. பெரிய காலுக்குத்தான் ஷூ, அதனால 26.3. நம்ம கடையில சைஸ் 8, 9ன்னு சொல்றது பிரிட்டிஷ் அளவு, அதுல ஒரு சைஸுக்கும் அடுத்ததுக்கும் வித்தியாசம் அங்குலத்துல மூணுல ஒரு பங்கு, அதாவது சுமார் 8 மி.மீ. அந்தக் கணக்குப்படி 8ம் நம்பர் ஷூவைத் தைக்கிற அச்சு 11 அங்குலம், கிட்டத்தட்ட 27.9 செ.மீ. காலுக்கும் அதுக்கும் வித்தியாசம் 1.6 செ.மீ. அப்ப 8 அவனுக்குச் சரியான நீளம், 7 போட்டா 8 மி.மீ.தான் மிஞ்சும், பத்தாது. கம்பெனிக்குக் கம்பெனி அச்சு மாறும்ங்கறதால இது ஆரம்பிக்கிற இடம் மட்டும்தான், முடிவு இல்ல.

கடையில 8 போட்டான். பின்னாடி விரல் போச்சு, நீளம் ஓக்கே. ஆனா சுண்டு விரல் முட்டி கிட்ட வலிக்குதுன்னான். கடை அண்ணன் உடனே 9 எடுத்துட்டு வந்தார், போட்டதும் பையன் முகம் மலர்ந்துடுச்சு, "மாமா, இது சூப்பரா இருக்கு"ன்னான். ஏன் சூப்பரா இருக்கு? சைஸ் ஏத்துனா நீளம் மட்டும் கூடாது, முன்பாதச் சுத்தளவும் ஏறக்குறைய 6 மி.மீ. கூடும். அவனுக்கு வேண்டியது அந்த 6 மி.மீ. மட்டும்தான், ஆனா அதோட சேத்து வேண்டாத 8 மி.மீ. நீளமும் வந்துடுச்சு.

அந்த நீளத்தால என்ன ஆயிடும்னு கேக்கலாம். ஷூ எல்லா இடத்துலயும் மடங்காது, ஒரே இடத்துலதான் மடங்கும், பெருவிரல் அடிமூட்டு எங்க வரணுமோ அந்த அகலமான இடத்துல. சைஸ் ஏத்துனா அந்த மடிப்பு கால் மூட்டை விட்டு முன்னாடி போயிடும். கால் ஒரு இடத்துல மடங்குது, ஷூ இன்னொரு இடத்துல மடங்குது, ரெண்டும் இழுத்துக்குதுங்க, கடைசியில தோக்குறது குதிகால், அது ஷூவுக்குள்ளேர்ந்து மேல எழும்பும். பையனை 9 போட்டுக்கிட்டு குதிகாலைத் தூக்கி விரல் மேல நிக்கச் சொன்னேன். ஷூ மேல் தோல்ல விழுந்த மடிப்பு அவன் மூட்டைத் தாண்டி விரல் மேல விழுந்துச்சு, பின்னாடி நல்லா ஒரு செ.மீ. வாயைப் பொளந்துச்சு.

அகலக் குறைதானான்னு உறுதிப்படுத்த ஒரு வழி, இன்சோலை வெளிய எடுத்து தரையில வச்சு, குதிகாலைச் சரியா பொருத்தி அது மேல நிக்கிறது. ஸ்போர்ட்ஸ் ஷூவுல ஈஸியா வந்துடும். கால் ஓரம் ரெண்டு மி.மீ. வெளிய போனா பரவால்ல, மேல் தோல் அதுக்கு இடம் கொடுக்கும். அதுக்கு மேல தொங்குச்சுன்னா அந்த ஷூ உங்க காலுக்கு இல்ல. ஃபார்மல்ல இன்சோலை ஒட்டியிருப்பாங்க, பிய்க்க முடியாது, அதனால நாங்க வரைஞ்ச பேப்பரை வெட்டி எடுத்துட்டுப் போயிருந்தோம், ஷூவைத் திருப்பி அடி சோல் மேல வச்சுப் பாத்தோம். அடி சோல் எப்பவும் உள் அளவைவிடக் கொஞ்சம் அகலமாத்தான் இருக்கும், அப்படி இருந்தும் சுண்டு விரல் பக்கம் பேப்பர் கிட்டத்தட்ட அரை செ.மீ. வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. இதுக்கு மேல வாதமே வேண்டாம்.

லேஸும் ஒரு சாட்சி. கட்டினப்புறம் ஓட்டை இருக்குற ரெண்டு பக்கத் தோலும் நடுவுல ஓரளவு இடைவெளி விட்டு ஒண்ணுக்கொண்ணு நேரா ஓடணும். ரொம்ப விரிஞ்சு, அதுவும் கீழ விரல் பக்கம் அகலமா விரிஞ்சுச்சுன்னா முன்பாதம் இறுக்கம். ரெண்டு பக்கமும் ஒண்ணோடொண்ணு முட்டி மூடிடுச்சுன்னா ஷூவுக்குள்ள உங்க காலுக்கு மீறின இடம் இருக்கு, இனிமே இறுக்கறதுக்கு வழியே இல்ல.

சரி, என்ன வாங்குறது? அதே 8ல அகலமான ஃபிட்டிங். பெட்டியிலயோ சோல்லயோ நம்பர் பக்கத்துல எஃப், ஜி, ஹெச்னு ஒரு எழுத்து சில ஷூவுல இருக்கும், பிரிட்டிஷ் முறையில எழுத்து ஏற ஏற அகலம் கூடும். அந்த எழுத்தே இல்லன்னா வேற மாடல், நுனி உருண்டையா இருக்குறது. பையனுக்குக் கடைசியில கிடைச்சது வட்ட நுனி வச்ச 8ம் நம்பர்தான், முதல்ல அவன் கண்ணுக்கே பிடிக்கல, "தாத்தா ஷூ மாதிரி இருக்கு"ன்னான். போட்டு மாடிப்படி ஏறி எறங்கினப்புறம் அந்தப் பேச்சு நின்னுடுச்சு.

போட போட லூஸாகும்ங்கற வாக்குக்கு வருவோம். நிஜ லெதர்னா அகலத்துல கொஞ்சம் இளகும், நீளத்துல இளகவே இளகாது. ரெக்சின்னா ரெண்டுலயும் பெருசா எதிர்பாக்காதீங்க, கடையில கடிச்சா வீட்டுலயும் கடிக்கும். லெதராவே இருந்தாலும் லேசா அணைச்சுப் பிடிக்கிற இறுக்கம் இளகும், வலிக்கிற இறுக்கம் இளகுறதுக்குள்ள கால்ல ஆணி வந்துடும்.

நடந்தா குதிகால் கழண்டு வருது

முதல்ல எவ்வளவுன்னு பாருங்க. புது ஷூ, சோல் இன்னும் விறைப்பா இருக்கு, மூணு நாலு மி.மீ. எழும்புதுன்னா அது தானா சரியாகக்கூடியது, சோல் மடங்கிப் பழகினதும் குறையும். விரல் நுழையுற அளவுக்கு வாய் பொளந்தா சரியாகாது. சோல் விறைப்பு காரணமா இல்ல அளவு காரணமான்னு தெரிஞ்சுக்க ஷூவைக் கையில எடுத்து மடக்கிப் பாருங்க, கையாலயே மடங்குற மெத்து சோல் ஷூவுல குதிகால் எழும்புதுன்னா விறைப்பு மேல பழி போட முடியாது.

அடுத்தது லேஸ். நெறைய பேரு டிரையல் பாக்குறப்ப லேஸைக் கட்டவே மாட்டாங்க, கடைக்காரர் ஏற்கனவே கோத்து வச்சதுக்குள்ள காலைத் திணிச்சு நாலு அடி நடந்துட்டு லூஸுன்னு சொல்லுவாங்க. குதிகாலைப் பின்னாடி நல்லா தட்டி உக்கார வச்சு, கீழேர்ந்து மேல வரைக்கும் லேஸை இழுத்துக் கட்டிட்டுப் பாருங்க. ஸ்போர்ட்ஸ் ஷூவுல மேல கணுக்கால் கிட்ட ஒரு ஓட்டை எக்ஸ்ட்ராவா சும்மா கிடக்கும், அது அழகுக்கு இல்ல. லேஸை அந்த ஓட்டையில வெளிய இருந்து அதே பக்கத்துலயே உள்ள விட்டு ஒரு சின்ன வளையம் விடுங்க, ரெண்டு பக்கமும் அப்படி. அப்புறம் இந்தப் பக்க லேஸை அந்தப் பக்க வளையத்துக்குள்ள, அந்தப் பக்க லேஸை இந்தப் பக்க வளையத்துக்குள்ள விட்டு இழுத்து முடிச்சுப் போடுங்க. முன்பாதத்தை இறுக்காம குதிகாலை மட்டும் பின்னாடி பிடிச்சு வைக்கும். இதுக்கும் கேக்கலன்னா ஒண்ணு நீளம் அதிகம், இல்லன்னா உங்க குதிகால் ஒடுக்கம், அந்த மாடல் ஒத்து வராது.

அப்புறம் அந்தப் பேட் விஷயம். குதிகால் லூஸுன்னு சொன்னா கவுன்ட்டர்லேர்ந்து ஒரு பேட் எடுத்து பின்பக்கம் ஒட்டித் தருவாங்க. ஒட்டினா குதிகால் பிடிக்கும், உண்மைதான், ஆனா அது எவ்வளவு தடியோ அவ்வளவுக்குக் கால் முன்னாடி தள்ளப்படும், விரல் இடம் போயிடும். முன்னாடி தாராளமா இடம் இருந்தா மட்டும் அதை ஒட்டலாம். அளவா இருக்குற ஷூவுல அதுக்குப் பதிலா லேஸுக்கு அடியில இருக்குற நாக்குப் பகுதியோட உள்பக்கம் மெல்லிசா ஒரு பேட் ஒட்டச் சொல்லுங்க. அது மேலேர்ந்து அமுக்கி காலைப் பின்னாடி தள்ளும், குதிகாலும் பிடிக்கும், விரலுக்கும் இடம் மிஞ்சும். ரெண்டுக்கும் செலவு ஒண்ணுதான், ஆனா யாரும் இதைச் சொல்றதில்ல.

லேஸ் இல்லாத லோஃபர்ல இந்த வித்தை எதுவும் நடக்காது. அதுல குதிகால் கழண்டா கீழ வச்சுட்டு வந்துடுங்க. லெதர் லோஃபர் முதல் நாள் கொஞ்சம் அணைச்சாப்ல இருக்கணும், முதல் நாளே லூஸா இருக்குற லோஃபர் ஆறு மாசத்துல வீட்டுச் செருப்பாயிடும்.

காலையில சரியா இருந்துச்சு, சாயங்காலம் கடிக்குது

ஷூ சுருங்கல, கால் பெருசாயிடுச்சு. நிக்க நிக்க, நடக்க நடக்க ரத்தமும் நீரும் கீழ எறங்கி பாதம் வீங்கும், வெயிலும் புழுக்கமும் சேந்தா இன்னும் ஏறும். கடற்கரை ஊர்ல ஏப்ரல் மே மாசம் இது எப்படி இருக்கும்னு சொல்லணுமா. காலையில பத்து மணிக்கு, குளிச்சு கிளம்பின சூட்டோட, ஏசி கடைக்குள்ள உக்காந்து போட்டுப் பாக்குற ஷூ உங்க காலோட சின்ன அளவுக்கு வாங்குற ஷூ. பாண்டியில பல கடை மதியம் சாத்திட்டு நாலு மணிவாக்குலதான் திரும்பத் திறப்பாங்க, இந்த விஷயத்துல அது நல்லதுக்குத்தான், அஞ்சு ஆறு மணிக்குப் போங்க, அதுக்கு முன்னாடி அன்னிக்குக் கொஞ்சம் நடந்திருக்கணும்.

அதுக்காக எல்லாத்துக்கும் சாயங்காலம்னு இல்ல. கடலூர்லேர்ந்து பஸ்ல காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு ஒரு மணி நேரம் வந்து, எறங்கின கையோட கடைக்குள்ள போனா அது தொங்கினதால வந்த வீக்கம், கொஞ்ச நேரம் நேரு வீதியில நடந்துட்டுப் போங்க, நார்மலுக்கு வரும். நாள் முழுக்க போடப் போற வேலை ஷூவுக்கு சாயங்கால அளவுதான் சரி. விடியக்காலையில மட்டும் ஒரு மணி நேரம் நடக்கறதுக்கு வாங்குற ஷூன்னா வீங்கின கால்ல பாத்து ஒரு சைஸ் ஏத்திட்டு, காலையில குதிகால் லூஸுன்னு திண்டாட வேண்டாம். அந்த மாதிரி நேரத்துல சாயங்காலம் வாங்கி, மறுநாள் காலையில வீட்டுக்குள்ள மொசைக் தரையில போட்டு நடந்து பாருங்க, தெருவுல எறங்காம. எக்ஸ்சேஞ்ச் எத்தனை நாள், என்ன நிபந்தனைன்னு பில்லு போடறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க, சோல்ல மண்ணு பட்டா பொதுவா வாங்க மாட்டாங்க. சண்டே மார்க்கெட் நடைபாதையில வாங்குறதுக்கு இந்தப் பேச்சே இல்ல, அங்க போட்டுப் பாக்குறதுதான் ஒரே வாய்ப்பு.

சாக்ஸும் இதுல சேரும். கடையில கொடுக்குற மெல்லிசு நைலான் சாக்ஸ்ல பாத்துட்டு வீட்டுல தடி காட்டன் சாக்ஸ் போட்டா பாதி இடம் அதுவே தின்னுடும். எதைப் போடப் போறீங்களோ அதை எடுத்துட்டுப் போங்க.

வீக்கம் ஒரு கால்ல மட்டும் புதுசா வந்திருந்தாலோ, காலையில எழுந்தும் வடியலன்னாலோ ஷூ கடையில வேலை இல்ல, டாக்டரைப் பாருங்க.

ஒரு கால் கச்சிதம், இன்னொரு கால் தொளதொளன்னு

ரெண்டு காலும் ஒரே அளவா இருக்குறவங்க கம்மி. பெரிய காலுக்கு வாங்கி, சின்ன கால்ல மட்டும் நாக்குப் பேட் இல்லன்னா மெல்லிசா ஒரு இன்சோல். பையனுக்கு இடது கால் 5 மி.மீ. சின்னது, இடது ஷூவுக்குள்ள மட்டும் நாக்குப் பேட் ஒட்டினோம், போதுமா இருந்துச்சு. கடையில ஒரு ஷூவை மட்டும் கொடுத்து போட்டுப் பாக்கச் சொன்னா ஒத்துக்காதீங்க, ரெண்டையும் கேட்டு வாங்குங்க.

ஒண்ணுமே தெரியல, வசதியாத்தான் இருந்துச்சு, கழட்டிப் பாத்தா புண்ணு

சுகர் இருக்குறவங்களுக்கு இது நடக்கும். பாதத்துல உணர்ச்சி மங்கிப் போயிருந்தா ஷூ கடிச்சாலும் மூளைக்குச் சேதி போகாது, அதனால மேல சொன்னதுல வலிக்குதா இறுக்குதான்னு கேட்டு முடிவு பண்ற எதுவும் அவங்களுக்கு உதவாது. சில பேரு உணர்ச்சி தெரியணும்னே அறியாம இறுக்கமான ஷூவைத் தேர்ந்தெடுப்பாங்க, அவங்களுக்கு அதுதான் பிடிச்சு நிக்கிற மாதிரி தெரியும். அப்பா அம்மாவுக்கு வாங்குறீங்கன்னா கேள்வி கேக்காதீங்க, அளந்து பாருங்க: பேப்பர்ல வரைஞ்ச கால், வெளிய எடுத்த இன்சோல், பின்னாடி விடுற விரல், இது மூணும் போதும். ஷூவுக்குள்ள கையை விட்டு தையல், மடிப்பு, துருத்திக்கிட்டு இருக்குற எதையாவது தடவிப் பாத்துடுங்க. வாங்கினப்புறம் முதல் நாள் அரை மணி நேரம் வீட்டுக்குள்ள போட்டு, கழட்டி, சாக்ஸையும் கழட்டி, சுண்டு விரல் ஓரம், பெருவிரல் மூட்டு, குதிகால் பின்பக்கம் மூணையும் நல்ல வெளிச்சத்துல பாருங்க. கறுத்த தோல்ல சிவப்பு தெரியாது, கையால தொட்டு சூடா இருக்கான்னு பாக்கணும். சூடோ தடமோ கொஞ்ச நேரத்துல அடங்கலன்னா அந்த ஷூவை அன்னிக்கே திருப்பிக் கொடுத்துடுங்க, ஏற்கனவே புண்ணு இருக்குறவங்க டாக்டர்கிட்ட காட்டாம கடைக்கே போக வேண்டாம்.